மாமன் மகளும் சித்தப்பா மகளும்

நுழையும்முன்

ஒருவரை எப்படி அழைப்பது என்று தெரியாதபோது, ‘எனக்கு என்ன முறை வேண்டும்?’ என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்கிறோம். அவர் சற்று யோசித்து, ‘உனக்குச் சித்தப்பா முறை’ என்றோ ‘மாமன் முறை’ என்றோ விடை சொல்கிறார். அந்தச் சில நொடிகளில் அவர் ஒரு கணக்கைப் போட்டு முடிக்கிறார். தமிழ் உறவுப்பெயர்களுக்குள் அமைந்திருக்கும் அந்தக் கணக்கைப் பற்றியது இப்பாடம்.

*

ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கும்போது, கதைத்தலைவன் தன் ‘கசின்’ ஊரிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லும் ஓர் எளிய வாக்கியம் வருகிறது என்று கொள்வோம். மொழிபெயர்ப்பாளரின் எழுதுகோல் அங்கே நின்றுவிடும். வந்தவர் ஆணா பெண்ணா, கதைத்தலைவனுக்கு மூத்தவரா இளையவரா, தந்தையின் உடன்பிறந்தாருக்குப் பிள்ளையா தாயின் உடன்பிறந்தாருக்குப் பிள்ளையா, அந்த உடன்பிறந்தவர் ஆணா பெண்ணா என்பன தெரியாமல் தமிழில் ஒரு சொல்லும் எழுத இயலாது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, மைத்துனன், மைத்துனி ஆகியவற்றுள் எதுவும் அச்சொல்லின் இடத்தில் வரக்கூடும். வரவேண்டியதற்கு மாறாக வேறொன்றை எழுதிவிட்டால் கதையே திரிந்துபோகும். கதைத்தலைவன் பின்னர் அப்பெண்ணை மணந்துகொள்கிறான் என்றால், ‘தங்கை’ என்று எழுதியவர் பெரும்பிழை செய்தவராவார்.

ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பதைத் தமிழ் இப்படிப் பலவாகப் பிரிக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. எந்தக் கோட்டை ஒட்டிப் பிரிக்கிறது என்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. ‘தாய்வழி உறவையும் தந்தைவழி உறவையும் தமிழ் வேறுபடுத்துகிறது’ என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர் மிகப் பலர். விடை பொருத்தமாகத் தோன்றினாலும் அது சரியன்று. தாயின் தங்கை மகனும் தந்தையின் தம்பி மகனும் நமக்கு ஒன்றுபோலத் தம்பியரோ அண்ணன்மாரோதான். ஒருவர் தாய்வழி, மற்றவர் தந்தைவழி. ஆயினும் அழைக்கும் சொல் ஒன்றே. அவ்வாறே தாயின் உடன்பிறந்தான் மகளும் தந்தையின் உடன்பிறந்தாள் மகளும் ஒன்றுபோல முறைப்பெண்கள். தாய் தந்தை என்னும் கோட்டைத் தமிழ் இங்கே தாண்டிச் செல்கிறது.

உண்மையான கோடு வேறோரிடத்தில் இருக்கிறது. உறவைத் தொடங்கிவைக்கும் உடன்பிறந்தார் இருவரும் ஒரே பாலினராயின், அவர்கள் வழி வரும் உறவு உடன்பிறப்பு முறையாகிறது. ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாயின், அது மாமன் மைத்துனன் முறையாகிறது. தந்தையும் அவர் தம்பியும் ஆண்கள். ஆகவே தம்பி நமக்குச் சிறிய தந்தை. தாயும் அவர் தங்கையும் பெண்கள். ஆகவே தங்கை நமக்குச் சின்னம்மா, அதாவது சித்தி. தந்தையும் அவர் தங்கையும் பால் வேறுபட்டவர். ஆகவே அவர் ‘அம்மா’ என்னும் சொல்லுக்குள் அடங்காமல் அத்தை ஆகிறார். தாயும் அவர் தம்பியும் பால் வேறுபட்டவர். ஆகவே அவர் ‘அப்பா’ என்னும் சொல்லுக்குள் வாராமல் மாமன் ஆகிறார். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்னும் நான்கு பெயர்களிலும் ‘அப்பா’வும் ‘அம்மா’வும் அப்படியே இருப்பதையும், மாமன், அத்தை என்னும் இரண்டிலும் அவை இல்லாமையையும் நோக்குக. பெற்றோரின் நிலையில் வைக்கப்பெற்றவர்களுடைய பிள்ளைகள் நமக்கு உடன்பிறந்தார். மற்றையோருடைய பிள்ளைகள் மைத்துனர்.

தமிழ் பிரிப்பதோடு நிற்பதில்லை, சேர்க்கவும் செய்கிறது. ஆங்கிலேயர் ‘அங்கிள்’ என்று அழைப்போரை வரிசைப்படுத்தினால் தந்தையின் அண்ணன், தந்தையின் தம்பி, தாயின் உடன்பிறந்தான், அத்தையின் கணவர், தாயின் அக்காள் கணவர், தாயின் தங்கை கணவர் என ஆறு வகையினர் கிடைப்பர். இவர்களுக்குத் தமிழில் ஆறு சொற்கள் இல்லை, மூன்றே உள்ளன. தந்தையின் அண்ணனும் தாயின் அக்காள் கணவரும் பெரியப்பா. தந்தையின் தம்பியும் தாயின் தங்கை கணவரும் சித்தப்பா. தாயின் உடன்பிறந்தானும் அத்தையின் கணவரும் மாமா. இரத்தத் தொடர்பு உடையவரும் மணத்தால் வந்தவரும் ஒரே சொல்லுக்குள் இயல்பாக அடங்குகின்றனர். இச்சேர்க்கை ஏன் பொருந்துகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முறை காணும் கணக்கு

நெருங்கிய உறவினருக்குச் சொல் நாவில் நிற்கும். தொலைவில் உள்ளவருக்குத்தான் கணக்குத் தேவைப்படுகிறது. ஊர்ப்பெரியவர் அக்கணக்கை நம்மிலிருந்து தொடங்குவதில்லை. ‘அவர் உன் அப்பாவுக்கு என்ன வேண்டும்? உன் அம்மாவுக்கு என்ன வேண்டும்?’ என்று ஒரு தலைமுறை மேலே சென்று தொடங்குகிறார். தந்தைக்கு அண்ணன் தம்பி முறையாகும் ஆண்மகன் நமக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. தந்தைக்கு மைத்துனன் முறையாகும் ஆண்மகன் நமக்கு மாமா. தாய்க்கு அக்காள் தங்கை முறையாகும் பெண் நமக்குப் பெரியம்மா அல்லது சித்தி; தாய்க்கு நாத்தனார் அல்லது மதினி முறையாகும் பெண் நமக்கு அத்தை. இதுவே விதி.

இதனை ஓர் எடுத்துக்காட்டில் செய்து பார்ப்போம். ஒரு திருமண வீட்டில் மாணவன் ஒருவன் இரு பெண்மணிகளைச் சந்திக்கிறான். முதலாமவர் அவனுடைய தாயைப் பெற்ற பாட்டியின் அக்காள் மகள். இரண்டாமவர் அதே பாட்டியின் அண்ணன் மகள். இருவரும் ஒரே பாட்டியின் வழியில் வந்தவர். ஒரே அளவு தொலைவில் உள்ளவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பெயர்தான். தமிழில் எவ்வாறு அழைப்பது?

முதலாமவரை எடுத்துக்கொள்வோம். பாட்டியும் பாட்டியின் அக்காளும் ஒரே பாலினர். ஆகவே அவ்விருவர் மகள்களும், அதாவது மாணவனின் தாயும் இப்பெண்மணியும், ஒருவருக்கொருவர் அக்காள் தங்கை. தாய்க்குத் தங்கை முறையாகிறவர் மகனுக்குச் சித்தி. சித்தியின் மகள் அவனுக்கு அக்காள் அல்லது தங்கை.

இரண்டாமவரின் நிலை வேறு. பாட்டியும் பாட்டியின் அண்ணனும் பால் வேறுபட்டவர். ஆகவே மாணவனின் தாய்க்கு இப்பெண்மணி மாமன் மகள், மதினி முறை. தாய்க்கு மதினி முறையாகிறவர் மகனுக்கு அத்தை. அத்தையின் மகள் அவனுக்கு முறைப்பெண்.

விடை சரியா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. மாணவனின் தாய்மாமனுக்கு இந்த இரண்டாம் பெண்மணி யார்? மாமன் மகள். அவர் அவளை மணந்திருக்கக்கூடும். மணந்திருந்தால் அப்பெண்மணி மாணவனுக்கு மாமன் மனைவியாக, அத்தையாகவே ஆகியிருப்பார். கணக்கு அத்தை என்றது. மணம் நடந்திருந்தாலும் அத்தையே. இரு வழியும் ஒத்துவருகின்றன. முதலாமவரைத் தாய்மாமன் மணந்திருக்க இயலாது. அவர் மாமனுக்கு உடன்பிறந்தாள் முறை.

கணக்கு எப்போதும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஒருவர் தம் அக்காள் மகளை மணந்துகொண்ட குடும்பத்தில், அவர்தம் பிள்ளைகளுக்கு அந்த அக்காள் தாயைப் பெற்றவர் என்ற வகையில் பாட்டி; தந்தையின் உடன்பிறந்தாள் என்ற வகையில் அத்தை. இரு வழியும் இரு விடை தருகின்றன. இவ்வாறு முட்டுமிடத்தில் ‘எந்த வழி கிட்டம்?’ என்று கேட்டு நெருங்கிய வழியைக் கொள்வதே வழக்கம். முறை தவறி நடந்த ஒரு திருமணத்துக்குப் பின்னர் இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் அழைக்கச் சொல் கிடைக்காமல் ‘வாங்க, போங்க’ என்று பெயரின்றியே பேசிப் பல காலம் கழிப்பதும் உண்டு.

செனகா மக்களும் தமிழரும்

இக்கணக்கின் தனித்தன்மையை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்தவர் லூயி ஹென்றி மார்கன். அம்மண்ணின் பழங்குடியினராகிய இரோக்குவா கூட்டமைப்பைச் சேர்ந்த செனகா மக்களோடு அவர் பழகினார். செனகா மக்கள் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைப்பதையும், தாயின் உடன்பிறந்தானை மட்டும் வேறு பெயரால் அழைப்பதையும் கண்டு வியந்தார். உலகின் பிற இடங்களில் எவ்வாறு என்று அறிய, வினாப்பட்டியல் ஒன்றை அச்சிட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பினார். ஆற்காட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்கடர் என்னும் பாதிரியார் குடும்பத்தின் வழியாகத் தமிழ் உறவுப்பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. செனகாப் பட்டியலும் தமிழ்ப் பட்டியலும் ஏறத்தாழ வரிக்கு வரி ஒத்திருந்தன. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர் என்பதற்கு இதையே சான்றாக அவர் கொண்டார். 1871ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூல், உறவுமுறை ஆய்வு என்னும் துறைக்கே தொடக்கமாயிற்று.

மார்கனின் பட்டியல் உண்மை. ஆனால் இரு முறைகளும் ஒன்றே என்னும் முடிவு நிற்கவில்லை. 1964ஆம் ஆண்டில் ஃபிளாய்டு லவுன்சுபரி என்னும் மொழியியலறிஞர் இரண்டும் வெவ்வேறு விதிகளால் இயங்குவதைக் காட்டினார். வேறுபாடு ஒரு தலைமுறை கீழே இறங்கும்போது வெளிப்படுகிறது. ஓர் ஆண்மகன் தன் மாமன் மகனுடைய பிள்ளையை எவ்வாறு அழைப்பான்? தமிழில் ‘மருமகன்’ என்பான். மாமன் மகளுடைய பிள்ளையைத் தன் ‘மகன்’ முறை என்பான். செனகா மொழியிலோ இது தலைகீழ். மாமன் மகன் தன்னைப் போல் ஆண் என்பதால் அவன் பிள்ளை மகன். மாமன் மகள் பெண் என்பதால் அவள் பிள்ளை மருமகன் போன்றவன்.

தமிழ் ஏன் இவ்வாறு கொள்கிறது? மாமன் மகள் மனைவியாகும் முறையுடையவள். ஆகவே அவள் பிள்ளை தன் பிள்ளைக்கு ஒப்பானவன். மாமன் மகன் தன் தங்கையை மணக்கும் முறையுடையவன். ஆகவே அவன் பிள்ளை தங்கை பிள்ளைக்கு ஒப்பானவன், அதாவது மருமகன். செனகா மக்களின் சொற்கள் பால் ஒற்றுமையை மட்டும் பார்க்கின்றன. தமிழ்ச் சொற்கள் அதனோடு திருமண உறவையும் உள்ளடக்கி நிற்கின்றன. மேலே அத்தையின் கணவரும் தாயின் உடன்பிறந்தானும் ‘மாமா’ என்னும் ஒரு சொல்லுக்குள் வந்ததற்கும் இதுவே காரணம். தந்தையின் தங்கையைத் தாயின் அண்ணன் மணப்பது இம்முறையில் இயல்பு. இருவர் வேறு வேறு ஆட்களாக இருப்பினும் அமரும் இருக்கை ஒன்றே.

பிரெஞ்சு மானிடவியலறிஞர் லூயி துய்மோன் இதனை இன்னும் ஆழமாகக் கண்டார். அவர் 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கிக் கள ஆய்வு செய்தவர். 1953இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் எழுப்பிய கேள்வி எளியது: மாமன் என்பவர் யார்? தாயின் உடன்பிறந்தான் என்பது நம் விடை. தந்தையின் மைத்துனன் என்பதே முதன்மையான விடை என்றார் அவர். தந்தைக்கு மைத்துனனாக இருப்பவர் மகனுக்கு மாமனாகிறார். அவர் மகன், மகனுக்கு மைத்துனனாகிறான். மண உறவும் நிலபுலம் போலத் தலைமுறைதோறும் இறங்கி வருகிறது என்பது அவர் கருத்து. மாமன், மாமனார், மகன், மருமகன் எனச் சொற்கள் இரட்டையாக நிற்பதை இக்கருத்தோடு வைத்து எண்ணினால் பொருள் தெளிவாகும். காதணி விழாவில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் அமர்த்துவதும், அவர் சீர் கொண்டுவருவதும் பெண் கொடுத்த வீட்டின் கடமை என்னும் நிலையிலேயே நிகழ்கின்றன.

தெரிந்து தெளிவோம்

தந்தை என்னும் சொல் பழந்தமிழில் ‘தன் தந்தை’ என்னும் பொருளில் நின்றது. என் தந்தை எந்தை. நின் தந்தை நுந்தை. அவ்வாறே என் தாய் யாய், நின் தாய் ஞாய். செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை 40ஆம் பாடலில் இச்சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. காதலர் இருவருடைய தந்தையரும் எந்த முறையில் உறவினர் என்னும் கேள்வி அங்கே எழுகிறது. முறையில்லாத இடத்தில் காதல் பிறந்தது என்பதே பாடலின் வியப்பு. முறை பார்க்கும் சமூகத்துக்கே அந்த வியப்பு புலப்படும்.

முறையும் இரத்தமும்

முறை என்பது இரத்த நெருக்கத்தின் அளவு என்று கருதுவோர் உண்டு. அவ்வாறன்று. சித்தப்பா மகளும் மாமன் மகளும் உயிரியலின்படி நமக்கு ஒரே தொலைவில் உள்ளவர்கள். இருவரோடும் நாம் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறோம். தமிழ்ச் சொற்கள் ஒருவரைத் தங்கையாகவும் மற்றவரை மணமகளாகும் உரிமையுடையவராகவும் வைத்தது சமூக ஒழுங்கினாலேயன்றி உடற்கூற்றினால் அன்று. மருத்துவர் ‘சொந்தத்தில் திருமணமா?’ என்று கேட்கும்போது ‘இல்லை, முறைதான்’ என்று விடை சொல்வதில் பொருளில்லை. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு, மாமன் மகளை மணந்தாலும் கூடுதலே. அக்காள் மகளை மணந்தால், பங்கு நான்கில் ஒன்று என்பதால், இன்னும் கூடுதல். இந்த ஓரிடத்தில் பிரித்தறியாத ஆங்கிலச் சொல்லே மருத்துவருக்குப் பயன்படுகிறது. முறைச்சொல்லைக் காப்பதும் முறைமணத்தைத் தொடர்வதும் ஒன்றல்ல. முன்னதைச் செய்வதற்குப் பின்னது தேவையுமில்லை.

சட்டம் இச்சிக்கலை எதிர்கொண்ட விதம் கருதத்தக்கது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், மணக்கக்கூடாத உறவுகளைக் கூறுமிடத்தில் ‘கசின்’ என்னும் சொல்லைக் கையாளவில்லை. உடன்பிறந்தான் உடன்பிறந்தாள் ஆகியோரின் பிள்ளைகள், உடன்பிறந்தான்மார் இருவரின் பிள்ளைகள், உடன்பிறந்தாள்மார் இருவரின் பிள்ளைகள் என்று தனித்தனியே விரித்துரைத்து மூவகையினரையும் தடை செய்கிறது. பின்னர், மணமக்கள் இருவருக்கும் உரிய வழக்காறு இடங்கொடுத்தால் தடையில்லை என்று விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கினால்தான் தமிழ்நாட்டில் மாமன் மகளை மணப்பது செல்லுபடியாகிறது. சித்தப்பா மகளை மணக்க இடந்தரும் வழக்காறு இங்குள்ள இந்துச் சமூகங்களில் இல்லை. எனவே அத்தடை அப்படியே நிற்கிறது. தமிழ் ஒரு சொல்லால் சொல்வதை ஆங்கிலச் சட்டவரைவு ஒரு தொடரால் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றைய வழக்கு

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் சேகரித்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு உருவானது. திருமண அழைப்பிதழ் போன்ற சிறு அச்சுத்தாள்களையும் அவர் சேகரித்தார். அழைப்பிதழ் என்பது முறையின் பதிவேடு. யார் அழைக்கிறார், மணமக்கள் யாருக்குப் பேரப்பிள்ளைகள், தாய்மாமன் யார் என்பன அதில் இடம் அறிந்து நிற்கும்.

அதே தரமணியில் டைடல் பூங்காவைச் சுற்றி வளர்ந்த கணினி அலுவலகங்களில் வேறொரு வழக்கு ஒலிக்கிறது. விடுப்புக் கேட்கும் இளைஞர் ‘கசின் பிரதருக்குக் கல்யாணம்’ என்கிறார். ‘கசின்’ என்பதோடு நிறைவடையாமல் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று சேர்ப்பது ஆங்கிலேயர் வழக்கன்று. உடன்பிறப்பு முறையை விட மனமில்லாத நம் நாட்டார் ஆக்கிக்கொண்ட தொடர் அது. சித்தப்பா மகனுக்கு அது பொருந்தும். மாமன் மகனையும் அத்தை மகனையும் அதே தொடரால் குறிக்கும்போதுதான் கோடு அழிகிறது. மைத்துனன் ‘பிரதர்’ ஆகிவிடுகிறான். அயலவர் எல்லாரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைப்பதில் இவ்விழப்பு இல்லை. அங்கே காக்க வேண்டிய முறை எதுவும் இல்லையே.

சொற்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறத்தல் கூடாது. மயிலாப்பூர் அந்தணர் இல்லங்களில் மாமன் மகன் அம்மாஞ்சி, மாமன் மகள் அம்மங்கா, அத்தை மகள் அத்தங்கா. யாழ்ப்பாணத்தில் மைத்துனி மச்சாள், அத்தை மாமி. அத்தான் என்பது ஓரிடத்தில் அத்தை மகன், வேறோரிடத்தில் அக்காள் கணவர். ஒலி மாறினாலும் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒரே சொல்லுக்குள் வருவதை இவ்வழக்குகளுள் எதிலும் காண முடியாது.

கற்பவை கற்றபின்...

1. தாத்தாவின் தங்கை மகன், பாட்டியின் தம்பி மகன் ஆகியோர் உங்களுக்கு என்ன முறை? தாத்தா, பாட்டி தந்தையைப் பெற்றவர் எனக் கொண்டு, ஒவ்வொரு படியையும் எழுதி விடை காண்க.

2. ஒரு பெண் தன் அண்ணன் மகனையும் அக்காள் மகனையும் எவ்வாறு அழைப்பாள்? ஓர் ஆண் அவ்விருவரையும் எவ்வாறு அழைப்பான்? விடைகள் மாறுவதற்குரிய காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் வீட்டில் உள்ள பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டு, அதில் இடம்பெற்றவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள முறையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிடுக. இரு வழியில் இரு முறை வரும் உறவினர் எவரேனும் இருப்பின், அவரை எந்த முறையில் அழைக்கிறீர்கள் என்பதையும், ஏன் என்பதையும் குறிப்பிடுக.